வாடகையை உயர்த்திக் கேட்கும் கடிதம்: எத்தனை விழுக்காடு, எப்படி எழுதுவது?

"செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டை, திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,800 வெள்ளிக்கு விட்டிருக்கிறோம். இரண்டு வருட ஒப்பந்தம் செப்டம்பர் 30இல் முடிகிறது. இனி வருடா வருடம் கொஞ்சம் உயர்த்தலாம் என்று நினைக்கிறேன். பத்து விழுக்காடு கேட்டால் நியாயமா? நல்ல மனிதர்கள், ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை. அவர்கள் மனம் கோணாமல் கடிதம் எப்படி எழுதுவது?"

முதலில் பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அதில் வருடாந்திர உயர்வு பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், செப்டம்பர் 30 வரை வாடகை 2,800தான். நடுவில் எந்தக் காரணம் சொல்லியும் உயர்த்த முடியாது. சிங்கப்பூரில் வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001இலேயே நீக்கிவிட்டார்கள். அதனால் ஒப்பந்தம் முடிந்தபின் நீங்கள் எவ்வளவு கேட்டாலும் தடையில்லை. ஆனால் கையெழுத்திட்ட காலம் முழுவதும் கையெழுத்திட்ட தொகைதான். "வருடா வருடம்" என்று நீங்கள் நினைப்பது நடக்க வேண்டுமானால், அக்டோபரில் தொடங்கும் புது ஒப்பந்தத்தில் முதல் வருடத்துக்கு இவ்வளவு, இரண்டாம் வருடத்துக்கு இவ்வளவு என்று எண்ணாகவே எழுதிவிட வேண்டும். "ஒவ்வோர் ஆண்டும் சந்தை நிலவரப்படி மாற்றப்படும்" என்று மட்டும் எழுதினால், அடுத்த வருடம் எது சந்தை நிலவரம் என்பதிலேயே சண்டை வரும்.

புதுப்பிப்பு பற்றிய விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். குடியிருப்பவர் இத்தனை மாதம் முன்னதாக எழுத்தில் கேட்டால் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். சிலவற்றில் புது வாடகை எப்படி முடிவாகும் என்றும் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் உங்கள் கடிதம் அதை ஒட்டித்தான் போக வேண்டும். கூடவே, வீடு பிடித்துக் கொடுத்த முகவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும் கமிஷன் தருவதாக நீங்கள் அப்போது ஒப்புக்கொண்டீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, விழுக்காட்டுக்கு வருவோம். பதினெட்டு வருடம் சொத்து முகவராக இருந்திருக்கிறேன். வீட்டு உரிமையாளர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் விழுக்காட்டை முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். காரணத்தைப் பிறகு தேடுவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலில் உங்கள் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது, அடுத்து அக்கம்பக்கத்தில் என்ன வாடகை போகிறது, கடைசியாக இந்தக் குடும்பம் காலி செய்தால் உங்களுக்கு என்ன ஆகும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினால் எண் தானாக வந்துவிடும்.

செலவில் தொடங்குவோம். எல்லாரும் முதலில் சொல்வது சொத்து வரி. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு, ஆண்டு மதிப்பில் முதல் 30,000 வெள்ளி வரை வரி விகிதம் 2022இல் 10 விழுக்காடாக இருந்தது. 2023இல் 11 ஆனது, 2024இல் 12 ஆனது. உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000இலிருந்து 13,000 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 விழுக்காட்டில் வரி 1,440 வெள்ளியிலிருந்து 1,560 வெள்ளி ஆகும். வருடத்துக்கு 120 வெள்ளி, மாதத்துக்குப் பத்தே வெள்ளி. ஜனவரி 31க்குள் கட்டிய வரிக்கடிதத்தை எடுத்து உங்கள் உண்மையான எண்ணை இதில் போட்டுக்கொள்ளுங்கள். நகரமன்றத்தின் சேவை, பராமரிப்புக் கட்டணம் மாதம் ஆறு வெள்ளி கூடியிருக்கலாம். குழாய், மின்விசிறி, கதவுப்பூட்டு என்று ஆள் கூப்பிடும் செலவும் முன்பைவிட அதிகம். பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியதே. அதற்கு மாதம் பதினைந்து வெள்ளி என்று தாராளமாகவே போடுங்கள். மொத்தம் 31 வெள்ளி. 2,800இல் அது 1.1 விழுக்காடு.

பத்து விழுக்காடு கேட்டு, அதற்குக் காரணம் "வரியும் செலவும் ஏறிவிட்டது" என்று எழுதினால் அது உண்மையாக இருக்காது. அந்தக் குடும்பத் தலைவர் ஒரு கணக்காளராகவோ மென்பொருள் பொறியாளராகவோ இருந்தால், பத்து நிமிடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் மற்ற காரணங்களையும் அவர் நம்பமாட்டார்.

வீட்டுக்கடன் வட்டியைக் காரணமாக எழுதவே வேண்டாம். வங்கிக் கடனா, வீவக கடனா, மாறும் வட்டியா என்பதெல்லாம் நீங்கள் எடுத்த முடிவு. வட்டி ஏறியதால் வாடகை ஏறுகிறது என்று இன்று எழுதினால், அடுத்த முறை வட்டி இறங்கும்போது அவர் அதே கடிதத்தை எடுத்து நீட்டலாம். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம், அப்பாவின் மருத்துவச் செலவு இவையும் அப்படித்தான். படிப்பவருக்கு மனம் இளகலாம், ஆனால் அந்த வீட்டின் வாடகைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செலவு 1.1 விழுக்காட்டைத்தான் தாங்குகிறது என்றால், மீதிக்குக் காரணம் அக்கம்பக்க வாடகையாகத்தான் இருக்க முடியும். அதை மறைக்காமல் எழுதலாம், அதில் தவறில்லை. ஆனால் எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இணையத்தில் விளம்பரத்தில் போட்டிருப்பது வீட்டுக்காரர் கேட்கும் தொகை. யாரும் அதைக் கொடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. வீவக தன் இணையத்தளத்தில் ஒவ்வொரு காலாண்டும் நகர் வாரியாக, அறை வாரியாக இடைநிலை வாடகையை வெளியிடுகிறது. வாடகைக்கு விட அனுமதி பெற்ற வீடுகளின் வாடகையையும் அங்கே பார்க்கலாம். தனியார் வீடாக இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தளத்தில் ஒப்பந்தங்களின் விவரம் கிடைக்கும். உங்கள் தெருவை ஒட்டி, அதே நான்கறை வகையில், கடைசி ஆறு மாதத்தில் ஆறு வீடுகள் இப்படிப் போயிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 2,750, 2,850, 2,900, 2,950, 3,000, 3,300.

இதில் 3,300தான் கண்ணில் முதலில் படும். பத்து விழுக்காடு என்ற உங்கள் எண்ணமும் அதுபோன்ற ஒரு வீட்டைப் பார்த்து வந்திருக்கலாம். ஆனால் அந்த வீடு ஏன் அவ்வளவு போனது என்று இந்தப் பட்டியல் சொல்லாது. புதிதாக மராமத்து செய்த வீடாக இருக்கலாம், எம்ஆர்டிக்கு மிக அருகில் இருக்கலாம். நான்கறை அல்லது அதற்கும் பெரிய வீவக வீடுகளில் உறவினர் அல்லாதவர்கள் தங்கும் வரம்பை 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக ஆறிலிருந்து எட்டாக உயர்த்தினார்கள். எட்டுப் பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்கு ஒரு குடும்பம் தருவதைவிட அதிகம் தர முடியும், அதற்கேற்ப வீடும் தேயும். அதனால் உச்சத்தையும் அடியையும் விட்டுவிட்டு நடுவைப் பாருங்கள். ஆறில் நடு இரண்டும் 2,900, 2,950. அவற்றின் சராசரி 2,925. உங்கள் 2,800க்கும் அதற்கும் உள்ள இடைவெளி 125 வெள்ளி, அதாவது நாலரை விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. சந்தையை வைத்துக் கேட்கக்கூடிய உச்சம் அதுதான்.

இந்தக் கணக்கு எப்போதும் உயர்வையே காட்டும் என்றும் எண்ண வேண்டாம். தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 2022இல் 29.7 விழுக்காடு ஏறியது, 2023இல் 8.7 விழுக்காடு ஏறியது, 2024இல் 1.9 விழுக்காடு இறங்கியது. உச்சத்தில் கையெழுத்தான ஒப்பந்தமாக இருந்தால், நடு எண் பழைய வாடகைக்குக் கீழேயே வரலாம். அப்படி வந்தால் உயர்வுக் கடிதத்தை எழுதாமல், பழைய வாடகையிலேயே தொடரலாம் என்று சொல்வதுதான் சரி. "வருடத்துக்கு இத்தனை விழுக்காடு" என்று நிலையான ஒரு எண்ணை நான் யாருக்கும் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது கணக்கைத்தான் பெரும்பாலானோர் போடுவதே இல்லை, எனக்கோ அதுதான் முக்கியமானது. நீங்கள் பத்து விழுக்காடு, அதாவது 280 வெள்ளி கூடுதலாகக் கேட்கிறீர்கள், அவர்கள் காலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒருவர் அதே 3,080 தருவதாக ஒப்புக்கொண்டு வருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆள் கிடைக்கும்வரை ஒரு மாதம் வீடு காலி, 2,800 வெள்ளி போயிற்று. இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு முகவர் கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை, சுமாராக இன்னொரு 2,800. வெள்ளையடித்து, சுத்தம் செய்து, ஏர்கானைக் கழுவ 900. கூட்டினால் 6,500 வெள்ளி. கூடுதல் வாடகை இருபத்துநான்கு மாதத்துக்கு 6,720. இரண்டு வருடம் கழித்து உங்கள் கையில் நிற்பது 220 வெள்ளி. காலியாக இருக்கும் காலம் இன்னும் மூன்று நாள் கூடினால் அதுவும் போய்விடும்.

இதே குடும்பம் மாதம் நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்துத் தொடர்ந்தால் இரண்டு வருடத்தில் உங்களுக்கு 2,400 வெள்ளி, ஒரு செலவும் இல்லாமல்.

உங்கள் நிலைமையில் இன்னொரு விஷயமும் உண்டு. வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடுவதில், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஓர் ஒதுக்கீட்டு வரம்பு இருக்கிறது: வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் புதிதாகச் சிங்கப்பூரர்களுக்கோ மலேசியர்களுக்கோதான் வீட்டை விட முடியும். "இவர்கள் போனால் இன்னொரு இந்தியக் குடும்பம் வரும், எத்தனையோ பேர் தேடுகிறார்கள்" என்ற நம்பிக்கையில் கடிதம் அனுப்பும் முன், உங்கள் புளோக்கின் நிலையை வீவக தளத்தில் பார்த்துவிடுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஈசூனில் ஒரு வீட்டுக்கு உயர்வுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரி: ஒப்பந்தம் முடிகிறது, புது வாடகை நானூறு வெள்ளி கூடுதல், சம்மதமா என்று ஒரு வாரத்தில் தெரிவிக்கவும். உரிமையாளர் சொன்ன எண்ணை அப்படியே போட்டேன், மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட்டுக் காட்டவில்லை. அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் காலி செய்தது. சாவியை வாங்கப் போனபோது, சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் செய்த ரசீதுகள் தேதி வரிசையில், துணியிடும் கம்பத்தின் பிடியை மாற்றிய ரசீது, அறை அறையாக எந்த மாதம் விளக்கு மாற்றினோம் என்று எழுதிய ஒரு துண்டுத்தாள். அடுத்து வருகிறவருக்கு உதவும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வீடு ஏழு வாரம் காலியாகக் கிடந்தது. அப்படி வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நான் மூன்று வரியில் கடிதம் எழுதியிருந்தேன் என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் எண் 2,900. நூறு வெள்ளி உயர்வு, 3.6 விழுக்காடு. நடு வாடகையான 2,925க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நேரத்துக்கு வாடகை தருபவருக்கு அந்த இருபத்தைந்து வெள்ளியை விட்டுக்கொடுப்பது தகும். வருடாந்திர உயர்வாகவே வேண்டுமென்றால் முதல் வருடம் 2,860, இரண்டாம் வருடம் 2,940 என்று வையுங்கள். இரண்டு வருட மொத்தம் இரண்டு வழியிலும் ஒன்றுதான், 69,600 வெள்ளி. முதல் வருடம் 60 வெள்ளிதான் ஏறுகிறது என்பதால் அவர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அவர்களுக்கு எது வசதி என்று கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

கடிதம் போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும். "ஒப்பந்தம் முடியப் போகிறதே, நீங்கள் தொடர வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். வாடகை பற்றி ஒரு கடிதம் அனுப்புகிறேன், படித்துவிட்டுப் பேசுவோம்" என்றால் போதும். பேச்சில் எண்ணைச் சொல்லாதீர்கள். எண் காரணங்களோடு சேர்ந்து எழுத்தில்தான் போக வேண்டும். மூன்று மாதம் முன்னதாக, அதாவது ஜூன் கடைசியில் அனுப்புங்கள். பிள்ளை தொடக்கப் பள்ளியில் படித்தால் வீடு மாறுவது பள்ளியையும் பேருந்தையும் மாற்றுவதாகும், அவர்களுக்கு யோசிக்க நாள் வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

ஜூன் 25

அன்புள்ள திரு. ______, திருமதி ______ அவர்களுக்கு,

வணக்கம். நம் வாடகை ஒப்பந்தம் வரும் செப்டம்பர் 30ஆம் தேதி முடிகிறது. இந்த இரண்டு ஆண்டுகளும் நீங்கள் வாடகையை ஒரு மாதமும் தவறாமல் நேரத்தில் செலுத்தி, வீட்டையும் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். நீங்கள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். அக்டோபர் 1 முதல் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முன்வருகிறோம்.

மாத வாடகையை 2,800 வெள்ளியிலிருந்து 2,900 வெள்ளியாக மாற்றலாம் என்பது எங்கள் யோசனை. இது 3.6 விழுக்காடு உயர்வு. இதற்கு இரண்டு காரணங்கள். சொத்து வரி, நகரமன்றக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றில் எங்களுக்கு மாதம் சுமார் 31 வெள்ளி செலவு கூடியிருக்கிறது. அத்துடன், நம் பகுதியில் கடந்த ஆறு மாதங்களில் வாடகைக்குப் போன நான்கறை வீடுகளின் நடு வாடகை 2,925 வெள்ளியாக இருக்கிறது. வீவக தளத்திலிருந்து எடுத்த அந்தப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

விரும்பினால் முதல் ஆண்டு 2,860, இரண்டாம் ஆண்டு 2,940 என்றும் வைத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் ஒப்பந்தக் காலத்தில் வேறு உயர்வு இருக்காது. நீங்கள் கொடுத்துள்ள 5,600 வெள்ளி முன்பணம் அப்படியே தொடரும், கூடுதலாக எதுவும் தர வேண்டாம். வேலை மாற்றத்தால் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்னதாக முடித்துக்கொள்ளும் விதியும் முன்போலவே இருக்கும். நீங்கள் தொடர்வதாக இருந்தால், மூன்று ஏர்கான்களுக்கும் கெமிக்கல் வாஷ், சமையலறைக் குழாயை மாற்றுவது இரண்டையும் அக்டோபருக்குள் எங்கள் செலவில் செய்து தருகிறோம்.

இது ஒரு யோசனைதான். புது ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகே நடைமுறைக்கு வரும். உங்கள் கருத்தை ஜூலை 31க்குள் சொன்னால் உதவியாக இருக்கும். இந்தத் தொகை சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
______

இதில் சில வரிகளை ஏன் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். விழுக்காடு மட்டும் போட்டு வெள்ளியை விட்டுவிடக் கூடாது, வெள்ளியை மட்டும் போட்டு விழுக்காட்டையும் விடக் கூடாது. இரண்டும் அருகருகே இருந்தால்தான் படிப்பவருக்கு அளவு புரியும். பட்டியலை இணைக்கும்போது 3,300 வீட்டையும் 2,750 வீட்டையும் சேர்த்தே இணையுங்கள். குறைவான எண்ணை எடுத்துவிட்டு அனுப்பினால் அவர் அதே தளத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பார். முன்பணம் பற்றிய வரி பலருக்குத் தோன்றாத ஒன்று. இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகை முன்பணம் என்பது வழக்கம் என்பதால், வாடகை நூறு ஏறினால் முன்பணமும் இருநூறு ஏறுமோ என்று குடியிருப்பவர் யோசிப்பார். நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

வேலை மாற்ற விதியை இங்கே எல்லாரும் டிப்ளமேட்டிக் கிளாஸ் என்றே சொல்வார்கள். வேலை அனுமதியில் இருக்கும் குடும்பத்துக்கு அது ஐம்பது வெள்ளித் தள்ளுபடியைவிடப் பெரியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும் உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை போன மாதத்தில், மீதி ஒப்பந்தத்துக்கும் வாடகை கேட்டு நிற்பார்கள். நீங்கள் அதைத் தொடர்வதாக எழுத்தில் சொல்வது, உங்களுக்குப் பெரிய செலவில்லாமல் அவர்களுக்கு நிம்மதி தரும்.

அவர் 2,850 என்று பதில் எழுதலாம். கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். ஐம்பது வெள்ளி வித்தியாசம் இரண்டு வருடத்தில் 1,200. வீடு ஏறக்குறைய பதின்மூன்று நாள் காலியாக இருந்தால் அந்தத் தொகை போய்விடும். நானாக இருந்தால் 2,850க்கு ஒப்புக்கொண்டு, சமையலறைக் குழாயை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். அவர் 2,800க்கு மேல் முடியாது என்று உறுதியாக நின்றால், பட்டியலை முன்னால் வைத்து ஒருமுறை நேரில் பேசுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் முடிவு உங்களுடையது. ஆனால் 6,500 வெள்ளிக் கணக்கை அருகில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

பேச்சு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் "ஓகே" என்பதோடு விட்டுவிட வேண்டாம். புது ஒப்பந்தமோ, பழையதை நீட்டிக்கும் ஒப்பந்தமோ எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தம் வழக்கம்போல ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால், தமிழ்க் கடிதத்தில் சொன்ன ஒவ்வொரு எண்ணும், டிப்ளமேட்டிக் கிளாஸும், ஏர்கான் வாக்குறுதியும் அதில் வந்திருக்கிறதா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். நீட்டித்த ஒப்பந்தத்துக்கும் முத்திரைத் தீர்வை உண்டு. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 69,600க்கு அது 278 வெள்ளி 40 காசு. சிங்கப்பூரில் கையெழுத்தானால் பதினான்கு நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்பதால், சான்றிதழின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கடைசியாக வீவக அனுமதி. பழைய அனுமதி தானாக நீளாது, புதுப்பிக்க நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பவர்கள் மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் என்பதால் ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள், குறைந்தது ஆறு மாதங்கள். விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய வேலை அனுமதி, சார்ந்தோர் அனுமதி எல்லாம் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய அனுமதி விரைவில் முடிகிறது, புதுப்பிப்புக்கு நிறுவனம் இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், அதுவும் ஜூலையிலேயே தெரிந்துவிடும். கையெழுத்துத் தேதியை அதற்கேற்ப இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.